கண்காட்சியில் புளி ஸ்டால் போடுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்: மாதிரி, விலைத்தாள், விசாரணைச் சீட்டு

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் புளி உடைத்து, கொட்டை எடுத்து, குளிர்பதனக் கிடங்கில் வைத்து விற்கும் சிறு வியாபாரிகளும் மகளிர் குழுவினரும், சென்னையிலோ பெங்களூருவிலோ நடக்கும் உணவுப்பொருள் கண்காட்சியில் முதன்முறையாக ஸ்டால் எடுக்கும்போது என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சில்லறையாகப் பாக்கெட் விற்கப் போகிறவர்களுக்கு இது அதிகம் பயன்படாது. ஊறுகாய்க் கம்பெனி, மசாலா கம்பெனி, உணவக வகையறா, மொத்த மளிகைக்காரர் ஆகியோரிடம் மாதா மாதம் சரக்கு அனுப்பும் தொடர்பைத் தேடிப் போகிறவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

எங்களிடம் ஆறேழு ரகம் இருக்கிறது. எல்லாவற்றையும் எடுத்துப் போகலாமா?

மூன்று போதும். கொட்டையும் நாரும் நீக்கிய இந்த வருடப் புளி ஒன்று, கொட்டையோடு இருக்கும் புளி ஒன்று, நிறம் கறுத்த பழைய புளி ஒன்று என வைத்துக்கொள்ளுங்கள். இவை மூன்றும் மூன்று வேறு ஆட்களுக்கானவை: முதலாவதை மசாலா, ஊறுகாய்க்காரர்கள் கேட்பார்கள், இரண்டாவதை மளிகை மொத்தக்காரர்கள் கேட்பார்கள், கருநிறக் குழம்பு வேண்டும் என்கிற உணவகத்தார் மூன்றாவதைத் தேடி வருவார்கள். அஞ்செட்டி மலைப்புளி, பென்னாகரம் புளி, தோட்டப்புளி என்று ஏழு தட்டுகளை வரிசையாக வைத்தால், வந்தவர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு எதையும் நினைவில் கொள்ளாமல் போய்விடுவார்.

எந்த மூன்று என்று முடிவெடுக்கும்போது கிடங்கில் இருப்பைப் பாருங்கள். ஐந்து பெட்டி மட்டுமே மிச்சமிருக்கிற ரகம் எவ்வளவு அருமையாக இருந்தாலும் அதை மேசையில் வைக்க வேண்டாம். அதைப் பார்த்துத்தான் இரண்டு டன் கேட்பார்கள், உங்களால் கொடுக்க முடியாது.

மாதிரிக்கு நல்லதாகப் பொறுக்கி எடுத்தால்தானே வாங்குவார்கள்?

நானும் முதல் கண்காட்சிக்கு அப்படித்தான் போனேன். ஐம்பது பெட்டி இருந்த குவியலில் மேல் பெட்டியைத் திறந்து, செவ்வரி ஓடிய சதைப்பற்றான புளியாகப் பார்த்துப் பார்த்து எடுத்து, சிறு பைகளில் போட்டுக் கொண்டு போனேன். ஊறுகாய் தயாரிக்கும் ஒருவர் அதைப் பார்த்து ஒரு டன் கேட்டார். அனுப்பிய சரக்கு மோசமானது என்று சொல்ல முடியாது, ஆனால் நான் கொடுத்த மாதிரியும் அதுவும் ஒன்றல்ல. அவர் மாதிரிப் பையையும் பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பினார். லாரி வாடகையை இரு வழிக்கும் நான்தான் கொடுத்தேன்.

மாதிரி என்பது அந்தக் குவியலின் சராசரியாக இருக்க வேண்டும். ஐம்பது பெட்டி உள்ள குவியலில் பத்துப் பெட்டிகளை அங்குமிங்குமாகத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் மேல், நடு, அடி என்று மூன்று இடங்களில் கைப்பிடி அளவு எடுங்கள். எடுத்ததையெல்லாம் பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தில் கொட்டி, கட்டிகளை உதிர்த்துக் கலந்து, வட்டமாகப் பரப்பி நான்காக வகுங்கள். எதிரெதிராக உள்ள இரண்டு பாகங்களை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் பெட்டிக்கே திருப்பிப் போடுங்கள். வேண்டிய எடைக்கு வரும்வரை இதையே திரும்பச் செய்யலாம். இரும்புத் தட்டில் இதைச் செய்ய வேண்டாம். புளியின் அமிலம் இரும்பைத் தொட்டால் நிறமும் சுவையும் மாறும்.

அந்தக் குவியலுக்கு ஒரு எண் கொடுங்கள். நாங்கள் கொட்டை நீக்கியதற்கு ‘அ’, கொட்டையோடு உள்ளதற்கு ‘ஆ’, பழையதற்கு ‘இ’ என்று வைத்து, குவியலின் வரிசை எண்ணைச் சேர்த்து அ-12, ஆ-5, இ-3 என்று எழுதுகிறோம். மாதிரிப் பையிலும், விலைத்தாளிலும், வருகிறவரின் தேவையைக் குறித்துக்கொள்ளும் விசாரணைச் சீட்டிலும், கிடங்கில் உள்ள பெட்டியிலும் இந்த ஒரே எண்தான் இருக்க வேண்டும். கண்காட்சி முடிந்து ஒரு மாதம் கழித்து ஒருவர் போன் செய்து “அந்தச் சிவப்புப் புளி” என்று சொன்னால் நீங்களும் அவரும் வேறு வேறு புளியை நினைத்துக்கொண்டு பேரம் பேசுவீர்கள். பையில் உள்ள எண்ணைப் படிக்கச் சொன்னால் அந்தக் குழப்பம் வராது.

கொடுத்த மாதிரி தீர்ந்த பிறகு, “நீங்கள் காட்டியது இதுவல்ல” என்று சொன்னால் என்ன செய்வது?

அதற்காகத்தான் ஒவ்வொரு குவியலிலிருந்தும் இரண்டு பைகளை உங்களிடமே நிறுத்திவைக்க வேண்டும். ஒவ்வொன்றும் அரைக் கிலோ, வாய் ஒட்டி, எண்ணும் தேதியும் எழுதியதாக இருக்கட்டும். ஒன்றைக் குளிர்பதனக் கிடங்கில் சரக்கோடு வையுங்கள். மற்றொன்றை உங்கள் கடை அலமாரியில் சாதாரண வெப்பத்தில் வையுங்கள்.

இரண்டு எதற்கு என்று பலரும் கேட்கிறார்கள். புளி வெளியில் இருந்தால் நாளுக்கு நாள் கறுக்கும். வாங்குபவர் உங்கள் மாதிரியை மேசை இழுப்பறையில் ஒரு மாதம் போட்டுவைத்துவிட்டு, குளிர்பதனக் கிடங்கிலிருந்து நேராக வந்த சரக்கோடு ஒப்பிட்டால் இரண்டும் ஒன்றாக இருக்காது. இந்த முறை சரக்கு மாதிரியைவிட நன்றாக இருக்கும், அப்போதும் அவருக்குச் சந்தேகம் வரும். அலமாரிப் பையையும் கிடங்குப் பையையும் அருகருகே வைத்துப் படம் எடுத்து அனுப்பினால், ஒரே புளி இரண்டு இடங்களில் எப்படி மாறியிருக்கிறது என்பதை அவரே பார்த்துக்கொள்வார்.

மூன்று நாள் கண்காட்சிக்கு எத்தனை மாதிரிப் பை வேண்டும்?

ஒன்பது சதுர மீட்டர் ஸ்டாலுக்கு, மூன்று ரகத்திலும் சேர்த்து 100 கிராம் பைகள் 120, அரைக் கிலோப் பைகள் 20 என்பது என் கணக்கு. எடை 12 கிலோவும் 10 கிலோவுமாக 22 கிலோதான், பேருந்திலேயே கொண்டுபோய்விடலாம். 100 கிராம் பை, சீட்டுக்கு விவரம் சொன்னவருக்கு. அரைக் கிலோ, தொழிற்சாலையில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று சொல்பவருக்கு மட்டும். நடந்து போகிறவர்களுக்கெல்லாம் பை கொடுத்தால் முதல் நாள் பிற்பகலிலேயே தீர்ந்துவிடும். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கூட்டம் குறைந்த இரண்டாம் நாள் காலையில்தான் நிதானமாக வருகிறார்கள்.

பையில் ரகத்தின் பெயர், குவியல் எண், நிகர எடை, பொதி கட்டிய தேதி, உங்கள் பெயர், ஊர், கைபேசி எண், 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், ‘மாதிரி, விற்பனைக்கு அல்ல’ என்ற வரி ஆகியவை இருக்கட்டும். உப்பு கலந்திருந்தால் அதையும் எழுதுங்கள். செய்தித்தாளில் மடித்துக் கொடுக்கவே கூடாது. அச்சு மை ஒட்டும் என்பதால் உணவைச் செய்தித்தாளில் பொதிவதற்குத் தடை இருக்கிறது.

மேசையில் எப்படி வைப்பது? புளி பார்வைக்கு ஒன்றும் அழகாக இல்லையே?

பார்க்கிறவர் கண் முதலில் தேடுவது நிறம், அடுத்தது மண். இந்த இரண்டையும் நீங்களே காட்டிவிடுங்கள்.

மூன்று கண்ணாடித் தம்ளர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ரகத்தை 50 கிராம் போட்டு, 200 மில்லி வெந்நீர் ஊற்றி இருபது நிமிடம் ஊறவிட்டுக் கரைத்து, சக்கையை எடுத்துவிட்டு, வடிகட்டாமல் அப்படியே வையுங்கள். பத்து நிமிடத்தில் அடியில் என்ன தங்குகிறது என்பது தெரியும். சுத்தமான புளியில் மென்மையான சதை மட்டும் மேகம்போல் படியும். மண் இருந்தால் தம்ளரைச் சாய்க்கும்போது அடியில் ஒரு கோடாக நகரும். ஊறுகாய்க்காரர் ஒருவர் என் ஸ்டாலில் ஒரு வார்த்தையும் பேசாமல் தம்ளரைத் தூக்கி, சாய்த்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்துவிட்டு, பிறகுதான் உட்கார்ந்தார். அந்த இரண்டு நிமிடத்தில் நான் பேசியிருந்தால் கெடுத்திருப்பேன்.

ஸ்டாலில் கொடுக்கும் விளக்கு பெரும்பாலும் மஞ்சள் வெளிச்சமாக இருக்கும், அதில் எல்லாப் புளியும் சிவப்பாகத் தெரியும். தட்டுக்கு அடியில் வெள்ளைத் தாளை விரித்து, வெள்ளை வெளிச்சம் தரும் ஒரு சிறு மேசைவிளக்கைக் கொண்டுபோங்கள். தட்டை மூடியே வையுங்கள், ஈ மொய்க்கும். விளக்குச் சூட்டில் மேல்பகுதி காய்ந்து மங்கும். தினமும் காலையில் தட்டுப் புளியையும் கரைசலையும் புதிதாக மாற்றுங்கள். இடுக்கியும் ஈரத்துணியும் கையெட்டும் இடத்தில் இருக்கட்டும். புளி ஒட்டிய விரலோடு சீட்டு எழுத முடியாது.

விலையை எப்படிப் போடுவது? சந்தை விலையோடு ஐந்து ரூபாய் சேர்த்தால் போதாதா?

போதாது. நீங்கள் தை, மாசியில் வாங்கிய புளியை ஆவணியில் விற்கிறீர்கள். நடுவில் உள்ள மாதங்களுக்கு ஒரு விலை இருக்கிறது. ஒரு கணக்கை முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன். இதில் உள்ள தொகைகள் எடுத்துக்காட்டுக்காக நான் வைத்தவை, உங்கள் தொகைகளை அந்த இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஓட்டோடு 100 கிலோ புளி, கிலோ 40 ரூபாய் வீதம் 4,000 ரூபாய். உடைத்தால் ஓடு, நார், தூசி, சேதாரம் என்று 17 கிலோ போகிறது, கொட்டை 38 கிலோ, சதை 45 கிலோ கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உடைத்துக் கொட்டை எடுக்கும் கூலி சதைக்குக் கிலோ 15 ரூபாய் என்றால் 675 ரூபாய். கொட்டையைக் கிலோ 10 ரூபாய்க்கு விற்றால் 380 ரூபாய் திரும்பி வரும். ஆக 4,295 ரூபாய்க்கு 45 கிலோ, அதாவது கிலோவுக்கு 95 ரூபாய் 44 காசு. பலர் இந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு, அதன் மேல் லாபத்தைப் போடுகிறார்கள்.

ஆறு மாதக் கிடங்கு வாடகை கிலோவுக்கு 6 ரூபாய், பெட்டிக்கு 3 ரூபாய், முடங்கிய பணத்துக்கு மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி வீதம் ஏறக்குறைய 5 ரூபாய் 70 காசு ஆகியவற்றைச் சேர்த்தால் 110 ரூபாய் 14 காசு. எடைக் குறைவு நூற்றுக்கு இரண்டு என்று கொண்டால் 112 ரூபாய் 39 காசு. இதற்குக் கீழே விற்றால் நட்டம். நூற்றுக்கு எட்டு லாபம் சேர்த்தால் 121 ரூபாய் 38 காசு. விலைத்தாளில் 122 என்று போடலாம். நட்டமில்லாத அந்த 112 ரூபாய் 39 காசு என்ற எண்ணை விலைத்தாளில் எழுதாமல் உங்கள் சட்டைப்பையில் ஒரு துண்டுச் சீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கண்காட்சி இரைச்சலில் பேரம் பேசும்போது மனக்கணக்கு தவறும்.

விலைத்தாளில் என்னென்ன எழுத வேண்டும்?

ஒரே பக்கம். மேலே உங்கள் பெயரும், விலைத்தாள் எண்ணும், தேதியும், ‘இந்த விலை இந்தத் தேதி வரை’ என்ற வரியும் வர வேண்டும். புளி விலை வாரத்துக்கு வாரம் நகரும் பொருள் என்பதால் கண்காட்சி முடிந்து ஏழு நாளுக்கு மேல் நான் கெடு கொடுப்பதில்லை. தேதி போடாத விலைத்தாளை மூன்று மாதம் கழித்து நீட்டி, அதே விலைக்குக் கேட்டவர்கள் உண்டு.

கீழே குவியல் எண்வாரியாக மூன்று வரிசை. ஒவ்வொன்றுக்கும் அளவைப் பொறுத்து மூன்று விலை: 100 கிலோ முதல் ஒரு டன் வரை, ஒன்று முதல் மூன்று டன் வரை, அதற்கு மேல். பெட்டியின் நிகர எடை, விலை கிருஷ்ணகிரி கிடங்கில் ஏற்றும் விலையா அல்லது அவர் ஊரில் இறக்கும் விலையா, ஜிஎஸ்டி பற்றிய நிலை, முன்பணம் எவ்வளவு, மீதி எத்தனை நாளில் என்பனவற்றை வாக்கியமாகவே எழுதிவிடுங்கள். இவற்றில் அதிகம் தகராறு வருவது ஏற்றும் விலை, இறக்கும் விலை பற்றித்தான். 122 ரூபாய் என்று நீங்கள் சொன்னதை, கோயம்புத்தூர்க்காரர் தன் வாசலில் வந்து சேரும் விலையாகவே எடுத்துக்கொள்வார்.

விலைத்தாளை மேசையில் அடுக்கி வைக்கலாமா?

வேண்டாம். பக்கத்து ஸ்டால்காரர்தான் முதலில் எடுப்பார். மேசையில் ரகங்களின் விவரம் மட்டும் உள்ள தாளை வையுங்கள். விலைத்தாளைக் கோப்பில் வைத்து, சீட்டுக்கு விவரம் சொன்னவருக்குப் பெயர் எழுதிக் கொடுங்கள். ஆனால் யாராவது விலை கேட்டால் மழுப்பக் கூடாது. “கொட்டை நீக்கியது, ஒரு டன் வரை 122, கிருஷ்ணகிரியில் ஏற்றி” என்று வாயால் உடனே சொல்லிவிடுங்கள்.

வருகிறவர்களின் விவரத்தை நோட்டில் எழுதிக்கொண்டால் போதாதா?

நோட்டில் பெயரும் போன் நம்பரும் மட்டுமே சேரும். எது வேண்டும், எவ்வளவு, எப்போது என்பது வராது. கார்பன் வைத்து எழுதும் டூப்ளிகேட் புத்தகம் ஒன்றை அச்சிட்டுக்கொள்ளுங்கள், அல்லது கடையில் வாங்கி ரப்பர் முத்திரை குத்திக்கொள்ளுங்கள். மேல் சீட்டு அவருக்கு, மாதிரிப் பையோடு பின் அடித்துக் கொடுப்பதற்கு, அடிச்சீட்டு உங்களுக்கு. அவர் விசிட்டிங் கார்டு கொடுத்தால் அதை அடிச்சீட்டிலேயே பின் அடித்துவிடுங்கள். தனியாகச் சேர்த்த கார்டுகளில் யார் எதைக் கேட்டார் என்று ஊர் திரும்பிய பிறகு யாருக்கும் நினைவிருக்காது.

நிரப்புவது நீங்களாக இருக்க வேண்டும், அவரிடம் பேனாவை நீட்ட வேண்டாம். பேச்சோடு பேச்சாகக் கேட்டு எழுதினால்தான் உண்மையான அளவு வெளிவரும். என் புத்தகத்தில் உள்ள ஒரு சீட்டை, பெயரை விட்டுவிட்டு அப்படியே தருகிறேன்: “சீட்டு 47. ஈரோடு, ஊறுகாய் தயாரிப்பு. அ-12. மாதம் 800 கிலோ, இப்போது வேறு இடத்தில் வாங்குகிறார், அங்கே நார் அதிகம் என்கிறார். அடுத்த சரக்கு புரட்டாசி முதல் வாரம். முடிவெடுப்பவர் அண்ணன், அவருக்கு அரைக் கிலோ மாதிரி கொடுத்தாயிற்று. சொன்ன விலை 122, ஏற்றும் விலை. செவ்வாய் மாலை பேச வேண்டும்.”

இதில் எனக்கு மிகவும் பயன்பட்ட வரி ‘அங்கே நார் அதிகம்’ என்பதுதான். செவ்வாய்க்கிழமை அண்ணனிடம் பேசும்போது விலையைப் பற்றி நான் தொடங்கவில்லை. அ-12 குவியலில் ஒரு கிலோவை எடுத்து, நாரைத் தனியே பிரித்து, தராசில் வைத்துப் படம் எடுத்து அனுப்பினேன். அவர் 100 கிலோ வாங்கிப் பார்த்தார், அதற்குப் பிறகு மாதாந்திரச் சரக்குக்கு வந்தார்.

இந்தக் காலத்தில் கியூஆர் குறியீடு வைத்து போனிலேயே நிரப்பச் சொல்லலாமே?

வைக்கலாம், காகிதத்துக்குத் துணையாக. கூட்டம் நிறைந்த அரங்குக்குள் இணையம் தடுமாறும்போது, நின்றுகொண்டே நிரப்பத் தொடங்கியவர் பாதியில் விட்டுவிட்டுப் போய்விடுவார். நீங்கள் வேறொருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது காத்திருக்க முடியாதவர்களுக்குத்தான் அது உதவும். அதிலும் பெயர், ஊர், எண், எந்த ரகம், மாத அளவு என்ற ஐந்து கேள்விகளுக்கு மேல் வைக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் தொடர்ந்து விலை அனுப்பலாமா என்பதை இரண்டிலும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கேட்காமல் சேர்த்தால் எண்ணைத் தடுத்துவிடுவார்கள்.

ஊர் திரும்பிய பிறகு நிதானமாகப் பேசிக்கொள்ளலாமா?

அன்றிரவே தொடங்க வேண்டும். அறைக்குத் திரும்பியதும் அடிச்சீட்டுகளை மூன்றாகப் பிரியுங்கள்: அளவும் தேதியும் சொன்னவர்கள், அளவு மட்டும் சொன்னவர்கள், விலை மட்டும் கேட்டவர்கள். முதல் கட்டுக்கு அன்றிரவே ஒரு வரிச் செய்தி போகட்டும்: “ஐயா, வணக்கம். இன்று ஸ்டாலில் அ-12 மாதிரி வாங்கிச் சென்றீர்கள். சீட்டு எண் 47. விலைத்தாளை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். செவ்வாய் மாலை அழைக்கிறேன். – கிருஷ்ணகிரி புளி” என்ற அளவு போதும். வாழ்த்துப் படமெல்லாம் சேர்க்க வேண்டாம். இரண்டாம் கட்டை மூன்று நாளுக்குள் அழையுங்கள். மூன்றாம் கட்டுக்குக் கண்காட்சி முடிந்த பிறகு விலைத்தாளை ஒருமுறை அனுப்பினால் போதும்.

அடிச்சீட்டுகளை இரவே படம் எடுத்து வீட்டில் உள்ள ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். பையைப் பேருந்தில் விட்டுவிட்டு இறங்கியவர்களை எனக்குத் தெரியும்.

ஸ்டால் வாடகைக்குத் தக்க பலன் கிடைத்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மொத்தச் சீட்டு எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். முதல் கட்டில் எத்தனை, அவர்களில் எத்தனை பேர் சோதனைச் சரக்கு கேட்டார்கள், அதில் எத்தனை பேர் இரண்டாம் முறை வாங்கினார்கள் என்பதை மூன்று மாதம் கழித்து எழுதுங்கள். அளவும் தேதியும் உள்ள சீட்டுகளே குறைவாக இருந்தால் ஸ்டாலில் கேள்வி கேட்கத் தவறியிருக்கிறீர்கள், அல்லது அந்தக் கண்காட்சிக்கு வந்தவர்கள் சில்லறை வாங்கும் பொதுமக்கள். சீட்டு நன்றாக இருந்தும் சோதனைச் சரக்கு நகரவில்லை என்றால் விலையையோ இறக்கும் செலவையோ பாருங்கள். சோதனைச் சரக்கு போய் இரண்டாம் முறை வரவில்லை என்றால், அலமாரியில் நிறுத்திவைத்த பையை எடுத்து, அனுப்பிய குவியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.